முன்கதை எங்கே நிற்க வேண்டும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு மேசைக்கு வருகிறார். ஆட்டம் தொடங்கும் நாளுக்கு முன் அந்தப் பாத்திரம் எங்கே வளர்ந்தது, என்ன தொழில் செய்தது, யாரிடம் கடன்பட்டது, எதற்காக ஊரைவிட்டுக் கிளம்பியது என்று எழுதிவைப்பதுதான் முன்கதை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த இந்த விளையாட்டும், அதைப் பின்பற்றி வந்த பல கதை விளையாட்டுகளும் ஒரே அமைப்பைக் கொண்டவை. சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை நடத்துவார்கள். கேம் மாஸ்டர் என்னும் ஒருவர் மட்டும் பாத்திரங்களைச் சுற்றியுள்ள உலகம் முழுவதையும், அதில் வாழும் மற்ற மனிதர்களையும் நடத்துவார். முடிவு தெரியாத இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

முன்கதை ஆட்டக்காரர் தனியாக எழுதுவது. ஆட்டத்தில் விரியும் கதையோ எல்லோரும் சேர்ந்து உண்டாக்குவது. முன்கதை மிக மெலிந்திருந்தால் அந்தப் பாத்திரத்தைக் கதைக்குள் இழுக்க கேம் மாஸ்டருக்கு வழி கிடைக்காது. எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்துவிட்டால் மேசையில் நடப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நல்ல முன்கதை பாத்திரம் செய்ததை உறுதியாகச் சொல்லும். அதன் காரணங்களிலும் விளைவுகளிலும் சிலவற்றைத் திறந்தே விட்டுவைக்கும்.

யாருக்கு எந்த உரிமை

பாத்திரத்தின் செயலும் நினைப்பும் விருப்பமும் ஆட்டக்காரருக்கு உரியவை. "உன் பாத்திரம் இப்போது பயப்படுகிறது, ஓடுகிறது" என்று கேம் மாஸ்டர் காரணமின்றிச் சொல்லக் கூடாது. மந்திரம், நஞ்சு என்று விதிகளே இடம் தரும்போதுதான் அப்படிச் சொல்லலாம். மற்றபடி உலகமும் அதன் மனிதர்களும் அவர்களுடைய மறைவான நோக்கங்களும் கேம் மாஸ்டருடையவை. ஒரு முயற்சி பலித்ததா என்பது விதிகளுக்கும் பகடைக்கும் உரியது.

முன்கதை எழுதும்போது இந்த எல்லை சற்றே நகர்கிறது. அங்கே ஆட்டக்காரரும் உலகத்துக்குள் மனிதர்களை உருவாக்குகிறார்: ஓர் அண்ணன், ஒரு முன்னாள் முதலாளி, ஊரில் விட்டுவந்த ஒரு நண்பர். ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் கேம் மாஸ்டரின் கைக்குப் போய்விடுகிறார்கள். அண்ணன் அன்பானவனாகவே இருந்தான் என்று எழுதலாம். இனிமேலும் அப்படியே இருப்பான் என்று எழுத முடியாது. முன்கதையில் வரும் மனிதர்களின் கடந்தகாலத்தை எழுதும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு, அவர்களுடைய நாளைய செயலை எழுதும் உரிமை இல்லை. இதை மனத்தில் வைத்து எழுதினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கொக்கி என்பது எது

கேம் மாஸ்டர் முன்கதையில் தேடுவதை விளையாடுவோர் ஹூக், அதாவது கொக்கி என்பார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பாத்திரம் அசைந்தாக வேண்டும். "என் பாத்திரம் மலையூரில் பிறந்தாள்" என்பது ஒரு செய்தி மட்டுமே. "மலையூரில் அவளுடைய தங்கை இன்னும் இருக்கிறாள், இவள் அனுப்பும் பணத்தில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது" என்பது கொக்கி. மலையூரில் வறட்சி வந்தாலும், பணம் கொண்டுபோன ஆள் காணாமல்போனாலும், தங்கை திடீரென்று நகரத்துக்கு வந்து நின்றாலும் இவள் ஏதாவது செய்தே தீர வேண்டும்.

கொக்கி வேலை செய்ய மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, உயிரோடிருக்கும் ஒரு மனிதர். அவருக்குப் பெயரும், தமக்கென்று ஒரு விருப்பமும் இருக்க வேண்டும். இறந்துபோனவர் பாத்திரத்தின் துயரத்துக்குக் காரணமாகலாம், ஆனால் கதவைத் தட்டிக்கொண்டு வர முடியாது. இரண்டாவது, முடியாமல் நிற்கும் ஒரு விவகாரம்: அடையாத கடன், சொல்லாத உண்மை, காப்பாற்றாத வாக்கு. மூன்றாவது, அதில் பாத்திரத்துக்கு உள்ள பற்று. அந்த விவகாரம் எப்படிப் போனால் என்ன என்று அவள் இருந்துவிட முடியுமானால் கேம் மாஸ்டரால் அவளை இழுக்க முடியாது.

புதிதாக விளையாட வருவோர் பலர் எழுதும் முன்கதையில் பெற்றோர் கொலையுண்டிருப்பார்கள், ஊர் எரிந்திருக்கும், நண்பர் யாரும் இருக்கமாட்டார்கள், பாத்திரம் எவரையும் நம்பாது. படிக்கும்போது இது கனமான கதையாகத் தெரியும். கேம் மாஸ்டருக்கோ இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஏனென்றால் பாத்திரத்துக்கு வேண்டியவர் எல்லோரும் ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டார்கள். எரிந்த ஊரிலிருந்து ஒரே ஒருவர் தப்பியிருந்தால், அவர் இவளைக் குற்றவாளியாக நினைத்தால், அதே முன்கதைக்கு உடனே உயிர் வந்துவிடும்.

கதையைப் பூட்டிவிடும் முன்கதை

எதிர்ப்பக்கத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அது பெரும்பாலும் உழைப்போடும் ஆசையோடும் எழுதப்பட்டிருக்கும். அது நான்கு வகையில் வரும்.

முதல் வகை, முடிவை எழுதிவைப்பது. "கொலைகாரனை ஒருநாள் என் தந்தையின் வாளாலேயே வெட்டுவேன்" என்பது பாத்திரத்தின் சபதமாக இருக்கும்வரை நல்லது. அது நடந்தே தீரும் என்று ஆட்டக்காரர் எதிர்பார்க்கத் தொடங்கும்போது கதை பூட்டப்படுகிறது. மற்றொரு ஆட்டக்காரரின் அம்பு முந்திக்கொண்டு அவனைக் கொன்றுவிடலாம். அவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கலாம். பகடை சரியாக விழாமல் வாளே தவறிப்போகலாம். இவற்றில் எது நடந்தாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டாவது வகை, மறைபொருளுக்கும் ஆட்டக்காரரே விடை எழுதிவிடுவது. தந்தையைக் கொன்றவன் யார், ஏன் கொன்றான், இப்போது எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதெல்லாம் முன்கதையிலேயே இருந்தால் கேம் மாஸ்டர் வெளிப்படுத்த ஒன்றும் இல்லை, ஆட்டக்காரர் கண்டறியவும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது வகை, உலகத்தையே மாற்றும் கூற்றுகள்: பாத்திரம் தொலைந்துபோன பட்டத்து இளவரசி, பழைய தீர்க்கதரிசனம் சொன்ன ஒரே மீட்பர், தெய்வம் ஒன்றின் மகள். இவற்றை ஏற்றுக்கொண்டால் அந்த நாட்டின் அரசியல், சமயம், வரலாறு எல்லாம் ஒரு பாத்திரத்தைச் சுற்றியே வர நேரும். மேசையில் இருக்கும் மற்ற மூவரோ நால்வரோ அவளுடைய பரிவாரமாகிவிடுவார்கள்.

நான்காவது வகை, பாத்திரத்தின் நிலைக்கு மிஞ்சிய சாதனை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முதல் நிலையில் தொடங்கும் மந்திரவாதிக்கு ஏழெட்டு உயிர்ப்புள்ளிகள் இருந்தாலே அதிகம். சாதாரணக் கோப்ளின் ஒன்றின் இரண்டு வெட்டுகளில் அவர் சாய்ந்துவிடக்கூடும். அப்படிப்பட்டவர் முன்பு டிராகனைக் கொன்றவர் என்று எழுதியிருந்தால் முதல் சண்டையிலேயே முன்கதை பொய்யாகும். முதல் நிலைப் பாத்திரத்தின் கடந்தகாலம் ஒரு தொழில், ஓர் ஊர், ஒரு தவறு, ஒரு சிறு துணிச்சல் என்ற அளவுக்குள் இருப்பதே பொருத்தம்.

விதிநூல்கள் கற்றுத்தருவது

இந்தச் சமநிலையைப் பல விதிநூல்கள் தத்தம் வழியில் தீர்க்க முயன்றிருக்கின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல் போர்வீரர், மாலுமி, குற்றவாளி, கைவினைஞர் என்று பல பின்னணிகளைத் தந்தது. ஒவ்வொன்றுக்கும் இயல்பு, இலட்சியம், பிணைப்பு, குறை என்ற நான்கு பட்டியல்கள் இருந்தன. விரும்பினால் பகடை உருட்டியும் தேர்ந்தெடுக்கலாம். கேம் மாஸ்டருக்கு இவற்றில் மிகவும் பயன்படுபவை பிணைப்பும் குறையும். பிணைப்பு பாத்திரத்தை எதை நோக்கி இழுக்கலாம் என்று சொல்கிறது, குறை அவள் எங்கே தடுமாறுவாள் என்று சொல்கிறது. 2024இன் திருத்திய பதிப்பு இந்தப் பட்டியல்களைப் பின்னணிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்விகளை ஆட்டக்காரர் தாமாகவே கேட்டுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

2014இலேயே வெளியான தொடக்கப் பெட்டியில், ஃபாண்டெல்வர் சுரங்கத்தைத் தேடிப்போகும் சாகசத்தோடு ஆயத்தப் பாத்திரங்களும் இருந்தன. அவற்றின் முன்கதைகள் ஒரு பக்கத்துக்குள் அடங்குபவை. ஒன்றில், பாத்திரத்தின் குடும்பம் வாழ்ந்த தண்டர்ட்ரீ என்ற ஊர் எரிமலையால் பாழானது. இப்போது அங்கே ஒரு டிராகன் குடியேறியிருக்கிறது. இன்னொன்றில், திருட்டுத் தொழிலில் இருந்த பாத்திரத்துக்கு ரெட்பிராண்ட்ஸ் என்னும் கும்பலோடு தீராத பகை. அந்தக் கும்பல் ஆட்டம் நடக்கும் ஃபாண்டலின் ஊரில்தான் இருக்கிறது. டிராகனை விரட்டுவது, கும்பலைப் பழிவாங்குவது என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நோக்கம் உண்டு. அது நிறைவேறுமா, எப்படி நிறைவேறும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலும், ஒவ்வொரு நோக்கமும் சாகசம் நடக்கும் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கவனிக்க வேண்டும்: ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு கண்டத்தில் இருக்கும் எதிரியைவிடப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கடன்காரர் கேம் மாஸ்டருக்கு அதிகம் உதவுவார்.

கர்ப்ஸ் என்ற விளையாட்டு இன்னும் கறாரானது. பாத்திரத்துக்கு எதிரியோ பராமரிக்க வேண்டிய உறவினரோ இருந்தால் அது குறைபாடாகக் கணக்கிடப்பட்டு, ஈடாகப் புள்ளிகள் கிடைக்கும். அவர்கள் எவ்வளவு அடிக்கடி கதைக்குள் வருவார்கள் என்பதையும் ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பகடைகளின் கூட்டு குறிப்பிட்ட எண்ணுக்குள் விழுந்தால் அவர்கள் அன்றைக்கு வருவார்கள். அதாவது, எதிரி ஒருவன் உண்டு என்று எழுதுவதே அவன் வந்து தொல்லை தருவதற்கான சம்மதம்.

கால் ஆஃப் கதுல்ஹு விளையாட்டின் ஏழாம் பதிப்பில் பாத்திரத்தின் முக்கியமான மனிதர்கள், இடங்கள், பொருள்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றைச் சில வரிகளில் எழுதி, அவற்றில் ஒன்றைத் தலையாய பிணைப்பாகக் குறிக்க வேண்டும். மற்றவற்றைக் கேம் மாஸ்டர் தாராளமாகக் கையாளலாம். குறித்த அந்த ஒன்றை மட்டும், காப்பாற்றுவதற்கு ஆட்டக்காரருக்குப் பகடை உருட்ட ஒரு வாய்ப்புத் தராமல் அழிக்கக் கூடாது. எதைத் தொடலாம், எதைக் கவனமாகத் தொட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் இந்த ஏற்பாட்டை எந்த மேசையிலும் கடைப்பிடிக்கலாம்.

ஒரு பாத்திரம், இரண்டு முன்கதைகள்

ஒரு மாதிரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் இவை தெளிவாகும். ஆட்டம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில், நெவர்விண்டர் நகரத்துக்கும் ஃபாண்டலின் ஊருக்கும் இடையே நடக்கிறது. ஆட்டக்காரர் கைவினைஞர் பின்னணியைத் தேர்ந்தெடுத்து, வரைபடம் வரையும் கருவிகளை எடுத்துக்கொண்டு, இல்வா என்ற முதல் நிலை ரோக் பாத்திரத்தை உருவாக்குகிறார்.

அவர் முதலில் எழுதிய முன்கதை ஆறு பக்கம். இல்வாவின் குரு கோர்வென் நெவர்விண்டரில் பேர்பெற்ற வரைபடக்காரர். உண்மையில் ஓர் அரக்கனின் ஊழியர். பொய்யான மலைவழியைக் காட்டும் படத்தை வரையச் சொல்லி அவர் இல்வாவை மந்திரத்தால் மயக்கினார். அதை நம்பிப் போன வணிகர் பதினொருவரும் அரக்கனுக்குப் பலியானார்கள். உண்மைப் படத்தில் டிராகனின் புதையல் இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஃபாண்டலினில் விடுதி நடத்தும் நெல்லாவின் தம்பியும் இறந்தவர்களில் ஒருவன். நெல்லா உண்மையை அறிந்ததும் இல்வாவை மன்னிப்பாள். இல்வா கோர்வெனை அவருடைய கோபுரத்திலேயே குத்திக் கொல்வாள்.

கதை சுவையானதுதான். ஆனால் இதில் கேம் மாஸ்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வில்லன், அவன் நோக்கம், புதையல், மன்னிப்பு, கடைசிச் சண்டை எல்லாம் முடிந்துவிட்டன. அவருடைய உலகத்தில் ஓர் அரக்கனும் ஒரு டிராகனும் அவரைக் கேளாமலே வந்து அமர்ந்துவிட்டன. இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு: மயக்கத்தில் வரைந்ததாகச் சொன்னதால் இல்வா எந்தத் தவறும் செய்யாதவளாகிவிட்டாள். குற்றவுணர்வுதான் அவளை எங்கும் இழுக்கக்கூடிய கயிறு, அது அறுந்துவிட்டது.

இரண்டாவது முன்கதை ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. இல்வா ஆறு ஆண்டுகள் கோர்வெனிடம் தொழில் கற்றாள். ஒருநாள் அவர் ஒரு படத்தைப் பிரதி எடுக்கச் சொல்லி, அதில் ஒரு கணவாயை மட்டும் அடுத்த பள்ளத்தாக்குக்குத் தள்ளிப் போடச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்குப் பதிலாக இருபது பொற்காசுகளைக் கையில் வைத்தார். விதிநூல் கணக்கில் தேர்ந்த கைவினைஞருக்கு நாள்கூலி இரண்டு பொற்காசு. ஆக, அது பத்து நாள் கூலி. பொய் என்று தெரிந்தே அவள் வரைந்தாள். அந்தப் படத்தோடு புறப்பட்ட வணிகர் பதினொருவர் திரும்பி வரவில்லை. இல்வா மூலப்படத்தை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். காணாமல்போனவர்களில் ஒருவன் நெல்லாவின் தம்பி. நெல்லா ஃபாண்டலினில் விடுதி நடத்துகிறாள். தம்பி உயிரோடிருப்பதாக நம்புகிறாள். இல்வாவைத் தன் தோழியாக நினைக்கிறாள். கோர்வெனிடமிருந்து அவளுக்கு ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது: படத்தைத் திருப்பிக் கொடு, கேள்வி கேட்க மாட்டேன்.

இந்தப் பக்கத்தில் இல்வா செய்தது அனைத்தும் உறுதியாக இருக்கிறது. அவள் வரைந்தாள், காசு வாங்கினாள், ஓடினாள், தோழியிடம் மறைத்தாள். மற்றவர்கள் செய்தவற்றின் காரணங்கள் திறந்திருக்கின்றன. கோர்வென் ஏன் அப்படிச் செய்யச் சொன்னார், வணிகர்களுக்கு என்ன ஆயிற்று, மூலப்படம் ஏன் அவருக்கு இவ்வளவு முக்கியம் ஆகிய மூன்றும் எழுதப்படவில்லை. அவற்றுக்கான விடை ஆட்டக்காரருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருக்கும் ஆட்டத்தில் காத்திருக்கும் விருந்து.

திறப்பு போதுமானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதிய வரி எதையும் மாற்றாமல், முன்கதையின் கேள்விக்கு வேறுபட்ட மூன்று விடைகள் பொருந்த வேண்டும். வழிப்பறிக் கும்பலிடம் கோர்வென் பணம் வாங்கியிருக்கலாம். அல்லது பழைய கணவாயில் ஏதோ கொடிய ஆபத்து இருப்பதை அறிந்து, யாரும் அங்கே போய்விடக் கூடாதென்றே அவர் வழியை மாற்றியிருக்கலாம். வணிகர்கள் இறந்தது அவர் எதிர்பாராத விளைவு. அல்லது வணிகர்களே உலகத்தின் கண்ணிலிருந்து மறைய விரும்பி அந்தப் பொய்ப்படத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். மூன்றும் பொருந்துகின்றன, மூன்றும் கோர்வெனை வெவ்வேறு மனிதராக்குகின்றன. முதல் முன்கதையில் ஒரே ஒரு விடைக்குத்தான் இடம் இருந்தது.

கேம் மாஸ்டர் இதை எப்படிப் பயன்படுத்துவார் என்பதும் எளிதில் தெரிகிறது. பாத்திரங்கள் ஃபாண்டலினுக்கு வந்து இரவு தங்குகிறார்கள். நெல்லா இல்வாவுக்கு உணவு பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்கிறாள்: "நீதான் படம் வரைவாயே, என் தம்பி போன வழியை எனக்கு வரைந்து கொடுப்பாயா? நானே போய்த் தேடிப் பார்க்கிறேன்." இந்த இடத்தில் இல்வா சும்மா இருக்க முடியாது. உண்மையைச் சொல்லலாம், பொய்யாக இன்னொரு படம் வரையலாம், தானே கூடப் போகலாம், மூலப்படத்தை எடுத்து மேசையில் விரிக்கலாம். எதைச் செய்தாலும் கதை அங்கிருந்து நகரும். எதைச் செய்வாள் என்பது கேம் மாஸ்டருக்கும் தெரியாது. ஒரு பக்க முன்கதை இத்தனையைத் தர முடிகிறது.

ஒப்படைக்கும்போது பேச வேண்டியவை

முன்கதையை முதல் அமர்வுக்குச் சில நாள்கள் முன்பாகவே கேம் மாஸ்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பல குழுக்கள் ஆட்டத்தைத் தொடங்கும் முன் பேசுவதற்கென்றே ஒருநாள் கூடுகின்றன. பூஜ்ய அமர்வு என்று அதற்குப் பெயர். வட்டாரம் எது, பிழைப்பு எது, எந்தத் தெய்வங்களை மக்கள் வணங்குகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அதற்கு முன்பே முழுக்கதையையும் எழுதி முடித்துவிட்டு வருவோர், பிறகு ஊர்ப்பெயரிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பக்கத்தின் தலைப்பில் கேம் மாஸ்டருக்காக மூன்று நான்கு வரிகளைத் தனியாக எழுதிவைக்கலாம். இல்வாவுக்கு அந்த வரிகள் இப்படி அமையும்: கோர்வென், நெவர்விண்டரில் இருக்கிறார், மூலப்படத்தைத் திரும்பக் கேட்கிறார். நெல்லா, ஃபாண்டலினில் இருக்கிறாள், தம்பியைத் தேடுகிறாள், உண்மை அறியாதவள். மூலப்படம், இல்வாவின் பையில் இருக்கிறது, இன்னும் யாரிடமும் காட்டவில்லை. ஆட்டம் மும்முரமாக நடக்கும்போது நான்கு பாத்திரங்களின் முன்கதைகளையும் புரட்டிப்பார்க்க நேரம் இருக்காது. இந்த வரிகளைத்தான் கேம் மாஸ்டர் தம் குறிப்பேட்டில் ஒட்டிவைத்துக்கொள்வார்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "கோர்வென் எப்படிப்பட்டவராகவும் இருக்கட்டும், நெல்லாவுக்கு ஆபத்து வரலாம், ஆனால் நான் இல்லாத இடத்தில் அவளைக் கொன்றுவிட வேண்டாம், இல்வா தெரிந்தே செய்தாள் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்" என்று ஆட்டக்காரர் சொன்னால் போதும். கடைசி வரி மிகவும் முக்கியமானது. பின்னொரு நாளில் "அன்று நீ மந்திரத்தால் மயக்கப்பட்டிருந்தாய்" என்று கேம் மாஸ்டர் வெளிப்படுத்தினால், அது உலகத்தைப் பற்றிய திருப்பமாக நிற்காது. பாத்திரத்தின் மனத்தையே ஆட்டக்காரரிடமிருந்து பறிப்பதாகும். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, சித்திரவதை போன்று மேசையில் வரவே கூடாது என்று ஒருவர் நினைக்கும் விஷயங்களையும் இதே நேரத்தில் சொல்லிவிடலாம். முன்கதையின் ஓரத்தில் அவை இருந்தால் கேம் மாஸ்டர் அவற்றையும் அழைப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இன்னொரு பாத்திரத்தோடு ஓர் இழையைக் கட்டிவைப்பது கேம் மாஸ்டரின் பாரத்தைக் குறைக்கும். வணிகர்களுக்குக் காவலாகப் போகவேண்டியிருந்து, கடைசி நேரத்தில் காய்ச்சலால் தங்கிவிட்ட போர்வீரனாக வேறொருவரின் பாத்திரம் இருக்கலாம். இதை இரண்டு ஆட்டக்காரர்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும்; மற்றவரின் பாத்திரம் என்ன செய்தது, என்ன நினைக்கிறது என்று ஒருவர் மட்டும் எழுதிவிடக் கூடாது. இழை கட்டியபின் இல்வாவின் விவகாரம் மேசைக்கு வரும்போது குறைந்தது இருவர் அதில் பங்கெடுப்பார்கள், மற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வராது.

ஆட்டத்தில் அதன் போக்கு

கொடுத்த கொக்கிகள் எல்லாம் உடனே பயன்படும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கு பாத்திரங்களுக்கு ஆளுக்கு மூன்று என்றாலே பன்னிரண்டு. ஓர் அமர்வு மூன்று நான்கு மணிநேரம் நடக்கும். அதற்குள் ஒருவருடைய ஒரு விவகாரத்தைத் தொட்டாலே நிறைவு. பல அமர்வுகள் போயும் ஒன்றும் வரவில்லை என்றால் இல்வாவே முதல் அடி எடுத்துவைக்கலாம்: கோர்வெனுக்குப் பதில் கடிதம் எழுதலாம், கணவாய் இருக்கும் திசையில் போகலாம் என்று தோழர்களிடம் கேட்கலாம். பாத்திரம் கதைக்குள் செய்யும் செயலால் கொக்கியை நினைவூட்டுவது, கேம் மாஸ்டரைத் தனியாக அழைத்து நச்சரிப்பதைவிடப் பயன்தரும்.

முன்கதை கதையை ஆளத் தொடங்கிவிட்டதற்குச் சில அடையாளங்கள் உண்டு. கேம் மாஸ்டர் நெல்லாவாகப் பேசும்போது ஆட்டக்காரர் குறுக்கிட்டு "அவள் அப்படிப் பேசமாட்டாள்" என்று அடிக்கடி திருத்தினால் அது ஓர் அடையாளம். தம் விவகாரம் இல்லாத காட்சிகளில் ஆர்வமின்றி இருப்பது இன்னொன்று. வெளிப்பட்ட உண்மை தாம் மனத்தில் வைத்திருந்ததிலிருந்து வேறுபட்டதும் முகம் வாடுவது மூன்றாவது. எழுதாமல் விட்ட இடத்துக்கும் அவர் மனத்துக்குள் விடை எழுதி வைத்திருந்தார் என்பதையே அது காட்டுகிறது. அப்படி ஒரு விடை இருக்குமானால் அதை ஆசையாக முன்கூட்டியே கேம் மாஸ்டரிடம் சொல்லிவிடலாம். அவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம்.

கேம் மாஸ்டர் பக்கத்திலும் பிழை நேரும். முன்கதையில் பெயர் வந்த ஒவ்வொருவரையும் கடத்தினாலோ கொன்றாலோ துரோகியாக்கினாலோ, அடுத்த ஆட்டத்துக்கு அந்த ஆட்டக்காரர் அனாதையை எழுதிக்கொண்டு வருவார். உறவினர் ஒருவர் உதவி செய்யவும் வரலாம், செய்தி சொல்லவும் வரலாம், திருமணத்துக்கு அழைக்கவும் வரலாம். பத்துப் பேரில் இருவருக்கு மட்டும் ஆபத்து வந்தால்தான் அந்த ஆபத்துக்கு மதிப்பு.

விவகாரம் ஒன்று தீர்ந்ததும் கேம் மாஸ்டருக்கான வரிகளில் அதை அடித்துவிட்டு, ஆட்டத்தில் புதிதாகப் பிறந்ததை எழுதலாம். நெல்லாவிடம் உண்மையைச் சொல்லிவிட்ட இல்வாவுக்கு அந்த வரி மாறுகிறது: நெல்லா, ஃபாண்டலினில் இருக்கிறாள், உண்மை அறிந்தவள், இல்வாவோடு பேசுவதில்லை. கோர்வெனைப் பற்றி ஆட்டத்தில் தெரியவந்ததும் அப்படியே சேரும். சில அமர்வுகளுக்குப் பின் அந்த வரிகளில் பெரும்பகுதி மேசையில் எல்லோரும் கண்முன் பார்த்த நிகழ்ச்சிகளாக இருக்கும். முன்கதை என்று தனியாக எழுதிய பக்கத்துக்கு அதன்பின் வேலை குறைவு. பாத்திரத்தை இழுப்பதற்கு வேண்டியவற்றை ஆட்டமே தந்துகொண்டிருக்கும்.